நடக்காத விற்பனைக்கு ரசீது இல்லை

பத்திரப்பதிவு வரியை உயர்த்தினால் அரசுக்கு எவ்வளவு வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மக்களுக்கு எவ்வளவு போகிறது என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

ஒரு வீட்டை விற்க ஒருவர் தயாராக இருக்கிறார். 48 லட்சம் ரூபாய்க்குக் கீழே அவர் இறங்க மாட்டார். வாங்க வந்தவரும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். பத்திரச் செலவு உட்பட மொத்தம் 51 லட்சம் வரை அவரால் புரட்ட முடியும், அதற்கு மேல் முடியாது. வீடு இவருக்கு 48 லட்சம் பெறும், அவருக்கு 51 லட்சம் பெறும். இவர் கையிலிருந்து அவர் கைக்குப் போனால், 3 லட்சம் ரூபாய் அளவுக்கு இந்த உலகத்தில் யாரோ ஒருவர் முன்பைவிட நன்றாக இருப்பார். பேரம் எப்படிப் படிகிறதோ அதற்கேற்ப இருவரும் அந்த 3 லட்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

இப்போது பத்திரப்பதிவுக்கு வருவோம். வழிகாட்டி மதிப்பும் விற்பனை விலையும் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். விற்பவர் தன்னுடைய அடிமட்ட விலையான 48 லட்சத்துக்கே ஒப்புக்கொண்டாலும், அதன்மேல் 4 லட்சத்து 32 ஆயிரம் ஏறுகிறது. வாங்குபவர் 52 லட்சத்து 32 ஆயிரம் கொண்டுவர வேண்டும். அவரிடம் இருப்பது 51. எந்த விலை சொன்னாலும் இந்தப் பேரம் படியாது.

அரசுக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. 4 லட்சத்து 32 ஆயிரம் கிடைக்கும் என்று போட்ட வரி ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கிடைத்திருக்க வேண்டிய 3 லட்சமும் போய்விட்டது. இதே வரி 5 சதவீதமாக இருந்திருந்தால்? 48 லட்சத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் சேர்ந்து 50 லட்சத்து 40 ஆயிரம். விற்பனை நடந்திருக்கும், அரசுக்கும் 2 லட்சத்து 40 ஆயிரம் வந்திருக்கும், மீதம் 60 ஆயிரம் இருவருக்கும் நடுவே தங்கியிருக்கும்.

யார் கைக்கும் போகாமல் காணாமல் போகும் அந்த 3 லட்சத்தைத்தான் பொருளாதாரத்தில் டெட்வெயிட் லாஸ் என்கிறார்கள். வீண் இழப்பு என்று சொல்லலாம். நாம் கட்டும் வரிப்பணம் இந்த இழப்பில் சேராது. வரியாகக் கட்டிய பணம் சாலையாகவோ சத்துணவாகவோ சம்பளமாகவோ இன்னொருவர் கைக்குப் போகிறது. சமுதாயத்தின் மொத்தக் கணக்கில் அது தொலைந்துபோவதில்லை. வரிக்குப் பயந்து நடக்காமல் போன காரியத்தின் பலன்தான் தொலைகிறது. வரியைப் பற்றிய நம் சண்டைகள் எல்லாமே முதல் பணத்தைச் சுற்றித்தான் நடக்கின்றன. இரண்டாவதற்கு ரசீது கிடையாது, பேரேட்டில் பக்கம் கிடையாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நடந்த விற்பனைக்கு ஆவண எண் உண்டு. நடக்காமல் போனதற்கு எந்த எண்ணும் இல்லை.

பத்து வீடுகள், நான்கு விகிதங்கள்

ஒரு வீட்டை விட்டுவிட்டு ஒரு சிறிய ஊரையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஆளுக்கொரு 50 லட்சம் ரூபாய் வீடு வைத்திருக்கும் பத்துப் பேர் விற்கலாமா என்று யோசிக்கிறார்கள். பத்து வீட்டுக்கும் வாங்க ஆள் இருக்கிறது. கை மாறினால் கிடைக்கும் ஆதாயம் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. முதல் வீட்டில் 1 லட்சம், இரண்டாவதில் 2 லட்சம் என்று ஏறி, பத்தாவது வீட்டில் 10 லட்சம். ஆதாயம் வரியின் அளவுக்காவது இருந்தால் விற்பனை நடக்கும், குறைந்தால் நடக்காது.

முதலில் 4 சதவீத வரி, அதாவது வீட்டுக்கு 2 லட்சம். 1 லட்சம் ஆதாயம் தரும் வீடு மட்டும் நின்றுவிடுகிறது. ஒன்பது வீடுகள் கை மாறுகின்றன. அரசுக்கு 18 லட்சம் வருகிறது. வீண் இழப்பு 1 லட்சம். இதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 18 லட்சம் திரட்ட 1 லட்சம் விரயம் என்றால் எந்த அரசும் யோசிக்காமல் செய்யும், செய்யவும் வேண்டும்.

வரியை இரட்டிப்பாக்கி 8 சதவீதம் ஆக்குகிறார்கள். வீட்டுக்கு 4 லட்சம். 1, 2, 3 லட்சம் ஆதாயம் உள்ள மூன்று வீடுகள் நின்றுபோகின்றன. ஏழு வீடுகளில் 28 லட்சம் வசூல். இழப்பு 6 லட்சம். வரி இரண்டு மடங்கு ஆனது. வசூல் இரண்டு மடங்கு ஆகவில்லை. இழப்போ ஆறு மடங்கு. ஆனாலும் கூடுதலாக 10 லட்சம் வந்திருக்கிறது, கூடுதலாக 5 லட்சம் விரயமாகியிருக்கிறது. அந்த 10 லட்சத்தில் ஊருக்கு ஓர் அவசரமான வேலை நடக்கும் என்றால் இதையும் நியாயப்படுத்தலாம்.

அடுத்து 12 சதவீதம், வீட்டுக்கு 6 லட்சம். ஐந்து வீடுகள் நின்றன, ஐந்து விற்றன. வசூல் 30 லட்சம். இழப்பு, ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் 15 லட்சம். அரசுக்குக் கூடுதலாக வந்தது 2 லட்சம். ஊர் கூடுதலாக இழந்தது 9 லட்சம்.

இந்தக் கட்டுரைக்கு இந்த இடம்தான் முக்கியம், அதனால் கொஞ்சம் நிற்கிறேன். வரி ஏற்றத்தால் வசூலே குறைந்துபோகும் என்று பலர் வாதாடுவார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆர்தர் லாஃபரின் பெயரைச் சொல்லி அந்த வாதம் அடிக்கடி மேடை ஏறும். நம் ஊரில் அது இன்னும் நடக்கவில்லை. 28 லட்சம் 30 லட்சமாக உயர்ந்திருக்கிறது. நிதித் துறையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு வரி உயர்வு வெற்றி. அவர் பொய் சொல்லவில்லை, அவர் பார்க்கும் ஏட்டில் அதுதான் இருக்கிறது. அந்த 2 லட்சத்தைத் திரட்ட ஊர் மக்கள் 9 லட்சம் ரூபாய் நலனை விட்டுக்கொடுத்தார்கள் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. வசூல் குறையத் தொடங்குவதற்கு வெகு முன்னாலேயே, கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ரூபாய்க்கு மேல் விரயமாகத் தொடங்கிவிடுகிறது.

16 சதவீதத்தில் மூன்று வீடுகள்தான் விற்கும், வசூல் 24 லட்சமாக இறங்கும், இழப்பு 28 லட்சம் ஆகும். அப்போது எல்லோருக்கும் கண் திறக்கும். ஆனால் அதற்குள் ஊர் இழக்க வேண்டியதில் பெரும்பங்கை இழந்திருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. வரி ஏற ஏற நின்றுபோகும் விற்பனைகளின் எண்ணிக்கை கூடுகிறது. அதோடு, புதிதாக நின்றுபோகும் ஒவ்வொரு விற்பனையும் முன்பு நின்றதைவிட அதிக மதிப்புள்ளது. குறைந்த வரியில் விழுவது எப்படியும் பெரிய ஆதாயம் தராத பேரங்கள்தான். உயர்ந்த வரியில் விழுவது இரு குடும்பங்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட பேரங்கள். இரண்டும் பெருகுவதால் இழப்பு வரி விகிதத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்கிறது: வரி இரண்டு மடங்கானால் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. பத்தே வீடுகளை வைத்துப் போட்ட கணக்கில் ஆறு மடங்கு வந்ததற்குக் காரணம் படிகள் பெரிதாக இருப்பதுதான். ஆயிரம் வீடுகளுக்குப் போட்டால் நான்கை நெருங்கிவிடும்.

இதை முதலில் எழுதி வைத்தவர் வரி அதிகாரியோ பேராசிரியரோ அல்ல. பிரான்சில் சாலைகளும் பாலங்களும் கட்டிய அரசுப் பொறியாளர் ழூல் துப்புய். 1844இல் பொதுப்பணிகளின் பயனை எப்படி அளப்பது என்று ஆராய்ந்தவர், பாலத்துச் சுங்கத்தை எடுத்துக்கொண்டார். கட்டி முடித்த பாலத்தில் இன்னும் ஒருவர் நடந்து போவதால் யாருக்கும் செலவில்லை. சுங்கம் வைத்தவுடன் சிலர் கடக்காமல் திரும்பிப் போகிறார்கள். அவர்கள் கொடுக்காத காசு கஜானாவுக்கும் வரவில்லை, அவர்கள் அக்கரையில் பார்த்திருக்க வேண்டிய வேலையும் நடக்கவில்லை. சுங்கம் ஏறினால் இந்த இழப்பு அதன் வர்க்கமாக வளரும் என்பதையும் அவரே சொன்னார். நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து, 1960களில், ஆர்னால்டு ஹார்பர்கர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இந்த இழப்பை உண்மையான வரிகளுக்கு அளந்து காட்டும் முறையைப் பரவலாக்கினார். வரைபடத்தில் அது முக்கோணமாக விழுவதால் இன்றும் கல்லூரிப் பாடங்களில் ஹார்பர்கர் முக்கோணம் என்றே பெயர்.

விகிதம் இறங்கியது, வரி ஏறியது

தமிழ்நாட்டுப் பத்திரப்பதிவில் இந்தக் கணக்கைப் போட இன்னொரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். வரி விகிதம் என்று அறிவிப்பில் வருவது ஒன்று, கையிலிருந்து போவது இன்னொன்று. நடுவே வழிகாட்டி மதிப்பு இருக்கிறது.

2017 ஜூன் வரை நம்மிடம் முத்திரைக் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 1, மொத்தம் 8 சதவீதம். அந்த மாதம் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். பதிவுக் கட்டணத்தை 1இலிருந்து 4 ஆக்கினார்கள். விகிதம் 11 சதவீதம் ஆயிற்று. நாட்டிலேயே உயர்ந்த விகிதங்களில் ஒன்று என்ற பேச்சும் வந்தது. ஆனால் 100 ரூபாய் வழிகாட்டி மதிப்பு 67 ஆகிவிட்டது. 67க்கு 11 சதவீதம் என்றால் 7 ரூபாய் 37 காசு. முன்பு கட்டியது 8 ரூபாய். விகிதம் ஏறியது, சுமை சற்று இறங்கியது.

2023 ஏப்ரலில் இதற்கு நேர் எதிர். பதிவுக் கட்டணத்தை 4இலிருந்து 2 ஆகக் குறைத்தார்கள், மொத்த விகிதம் 9 ஆயிற்று. கூடவே வழிகாட்டி மதிப்பைப் பழைய 2017 அளவுக்குத் திரும்பக் கொண்டுபோனார்கள். 67 மீண்டும் 100 ஆனது. 100க்கு 9 சதவீதம் 9 ரூபாய். 11 சதவீதம் 9 ஆனது என்று தலைப்பு வந்தது. 7 ரூபாய் 37 காசு கட்டிய இடத்தில் 9 ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று. இழப்பு இந்தச் சுமையைத்தான் பின்தொடரும், அறிவிப்பை அல்ல. வர்க்கக் கணக்கில் பார்த்தால், 7.37இலிருந்து 9க்குப் போவது சுமையை ஏறக்குறைய 22 சதவீதம் கூட்டுகிறது, வீண் இழப்பைக் கிட்டத்தட்ட 49 சதவீதம் கூட்டுகிறது.

வழிகாட்டி மதிப்பைச் சந்தை விலைக்கு அருகே கொண்டுவருவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பத்திரத்தில் எழுதும் விலையும் கையில் மாறும் விலையும் வேறாக இருப்பது கறுப்புப் பணத்துக்கு நாமே திறந்து வைத்திருக்கும் வாசல். மதிப்பை உயர்த்துவதானால் விகிதத்தை அதே கையால் அதற்கு ஈடாக இறக்க வேண்டும். 2005இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புத்தாக்கத் திட்டத்தில் பணம் பெறும் மாநிலங்களுக்கு மத்திய அரசு வைத்த சீர்திருத்த நிபந்தனைகளில் ஒன்று, முத்திரைக் கட்டணத்தை 5 சதவீதத்துக்கு மிகாமல் குறைப்பது. மற்ற நிபந்தனைகளைப் பற்றி நிறையப் பேசினார்கள், இதை மறந்துவிட்டார்கள்.

எது நின்றுபோகிறது

இழப்பு என்று சொன்னால் யாருக்கும் மனதில் ஒன்றும் பதியாது. நின்றுபோகும் காரியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் பதியும்.

ஆவடியில் சொந்த வீடு, சிறுசேரியில் வேலை. தினமும் சென்னையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடக்க வேண்டும். ஆவடி வீட்டை விற்றுவிட்டுக் கேளம்பாக்கத்தில் அதே விலைக்கு ஒரு வீடு வாங்கலாம். வீடு விலை இரண்டும் 50 லட்சம் என்றால் அவருக்குக் கையிலிருந்து போக வேண்டியது ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் கேளம்பாக்கத்தில் அவர் வாங்கும்போது 4 லட்சத்து 50 ஆயிரம், ஆவடியில் அவரிடம் வாங்குபவர் கட்டும் 4 லட்சத்து 50 ஆயிரம் வேறு. ஒரு குடும்பம் இடம் மாறுவதற்கு 9 லட்சம். ஒன்றை அவரே கட்டுகிறார், மற்றதற்கு ஈடாக விலையைக் குறைக்கச் சொல்லி அவரிடம் வாங்குபவர் அழுத்துகிறார். அவர் இடம் மாறாமல் மின்சார ரயிலிலும் பேருந்திலும் நாளுக்கு நாலு மணி நேரம் கழிக்கிறார். அந்த நாலு மணி நேரத்துக்கு முத்திரைத்தாள் கிடையாது.

பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட பெரியவர்கள் மாடி வீட்டில் இரண்டே பேராக இருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் மூன்று குழந்தைகளோடு ஒரு குடும்பம் இரண்டு அறையில் நெருக்கியடித்துக் கிடக்கிறது. இரு வீட்டாரும் மாற்றிக்கொண்டால் இருவருக்கும் நல்லது. வரிக்கு முன்னால் அந்த நல்லது நடக்கும். வரிக்குப் பிறகு மாடிப்படி ஏற முடியாத முழங்காலோடு அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது வயல்தான். பாகப்பிரிவினையில் துண்டு துண்டாகிப்போன நிலம். ஒருவருக்கு வாய்க்காலுக்கு வடக்கே அரை ஏக்கர், தெற்கே அரை ஏக்கர். பக்கத்து வயல்காரருக்கும் அப்படியே. வடக்குத் துண்டை இவர் எடுத்துக்கொண்டு தெற்குத் துண்டை அவருக்குக் கொடுத்தால் இருவருக்கும் ஒரே இடத்தில் ஒரு ஏக்கர். ஒரு போர்வெல் போதும், டிராக்டர் திரும்ப இடம் இருக்கும், வரப்பு குறையும், மடை மாற்றத் தூரம் நடக்க வேண்டாம். யாரும் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. இதற்குப் பெயர் பரிவர்த்தனைப் பத்திரம். 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம் இதையும் கிரையம் போலவே பார்க்கிறது: மாற்றிக்கொள்ளும் இரண்டில் எது அதிக மதிப்போ அதற்குக் கிரையத்துக்குரிய கட்டணம். பணமே கை மாறாத ஒரு காரியத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்றால் சிறு விவசாயி என்ன செய்வார்? வாய்மொழியாக மாற்றிக்கொண்டு உழுவார். அடுத்த தலைமுறையில் பட்டா ஒருவர் பெயரிலும் அனுபவம் இன்னொருவரிடமுமாக அது வழக்காகும். அல்லது மாற்றிக்கொள்ளாமலே இருந்துவிடுவார். இரண்டிலும் அரசுக்கு வருவது ஒன்றுமில்லை.

வரியைச் சுற்றிப் போவதற்கு ஆகும் செலவும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். கிரையப் பத்திரம் போடாமல் பொது அதிகாரப் பத்திரத்தைக் கொடுத்து வாங்கி, நாலு கை மாறிய பிறகு கடைசியில் வருபவர் மட்டும் பதிவு செய்வது ஒரு காலத்தில் இந்தியா முழுவதும் நடந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில், அதிகாரப் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று தீர்த்துச் சொன்னது. அது சரியான தீர்ப்பு. ஆனால் அந்தப் பழக்கம் பரவியதற்கு முத்திரைச் செலவைத் தவிர்ப்பதும் ஒரு முக்கியக் காரணம். நடுவில் அதிகாரம் கொடுத்தவர் இறந்துபோனால் அந்த அதிகாரமும் செத்துப்போகும். வில்லங்கச் சான்றிதழில் ஒன்றும் தெரியாது. வங்கிக் கடன் கிடைக்காது. வக்கீல், சர்வே, பங்காளிச் சண்டை என்று ஓடும் காலமும் பணமும் யாருக்கும் எதையும் உருவாக்கித் தருவதில்லை. வரியை ஏய்த்தவர் மிச்சப்படுத்தியது அரசின் பணம் என்று நினைக்கிறோம். அதில் பெரும்பகுதியை ஏய்ப்பதற்கான பாதுகாப்பிலேயே அவர் தொலைத்திருப்பார்.

எப்படிக் கண்டுபிடிப்பது

நடக்காததை எண்ண முடியாது என்றால் இதெல்லாம் வெறும் ஊகம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி அழகானது: வரி எங்கே திடீரென்று மாறுகிறதோ அங்கே போய் நிற்பது.

கனடாவின் டொரான்டோ மாநகராட்சி 2008 பிப்ரவரியில், மாகாணம் ஏற்கெனவே வாங்கும் வரிக்கு மேல் தன் பங்குக்கு ஒரு சொத்து மாற்று வரி போட்டது. சராசரியாக வீட்டு விலையில் 1.1 சதவீதம். மாநகர எல்லைக்கு உள்ளே இருப்பவருக்கு வரி, எல்லைக்கு வெளியே இருப்பவருக்கு இல்லை. பென் டாக்கிஸ், ஜில் துராந்தோன், மேத்யூ டர்னர் மூவரும் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள வீடுகளை வரிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். ஒரே மாதிரித் தெரு, ஒரே மாதிரி வீடு, நடுவே நிர்வாக எல்லைக் கோடு மட்டும். 2012இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: வரிக்கு உட்பட்ட பக்கத்தில் விற்பனை 15 சதவீதம் சரிந்திருந்தது. வசூலான ஒவ்வொரு 8 டாலருக்கும் 1 டாலர் வீண் இழப்பு. 1.1 சதவீத வரிக்கே இவ்வளவு.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வீட்டு விலையும் ஏறக்குறைய வரியளவுக்கு இறங்கியிருந்தது. பத்திரச் செலவை வாங்குபவர்தான் ஏற்கிறார் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். வங்கியில் சலான் கட்டுபவர் அவர்தான். ஆனால் அந்தத் தொகையை மனதில் வைத்துத்தான் அவர் விலை பேசுகிறார். வரி போட்ட நாளில் வீடு வைத்திருந்தவர் தலையில் சுமை இறங்கிவிடுகிறது. வரியை எடுத்தால் பலனில் ஒரு பங்கு வீடு வைத்திருப்பவருக்கே போகும் என்பதும் இதன் மறுபக்கம். வரிக் குறைப்பை ஏழை வாங்குபவருக்குச் செய்யும் உதவி என்று மட்டும் விளம்பரப்படுத்துவது சரியல்ல. ஆதாயம் உண்மையில் வருவது கூடுதலாக நடக்கும் விற்பனைகளிலிருந்து.

இங்கிலாந்தில் 2014 டிசம்பர் வரை வேறொரு விசித்திரம் இருந்தது. வீட்டு விலை 1,25,000 பவுண்டுக்கு மேல் 2,50,000 பவுண்டு வரை 1 சதவீதம். அதைத் தாண்டினால் முழு விலைக்கும் 3 சதவீதம். 2,50,000க்கு வாங்கினால் 2,500 பவுண்டு. ஒரு பவுண்டு கூடினால் 7,500. பதிவேட்டைப் பார்த்தால் 2,50,000இல் விற்பனைகள் குவிந்து கிடக்கும், அதற்குச் சற்று மேலே வெறிச்சோடி இருக்கும். அந்த வெற்றிடம்தான் நாம் தேடும் நடக்காத விற்பனையின் தடம். 2014இல் கூடுதலாக உள்ள தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று மாற்றினார்கள்.

நமக்குப் பக்கத்தில் மகாராஷ்டிரம் இருக்கிறது. கொரோனா முடக்கத்துக்குப் பிறகு 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை முத்திரைக் கட்டணத்தை 5இலிருந்து 2 சதவீதமாகவும், அடுத்த மூன்று மாதங்களுக்கு 3 சதவீதமாகவும் குறைத்தார்கள். மும்பையில் பதிவுகள் தாவி ஏறின. இதை எடுத்துக்காட்டி, வரி குறைந்தால் விற்பனை பெருகும் என்று அப்படியே முடிவுகட்டக் கூடாது. எப்படியும் அடுத்த வருடம் வாங்க இருந்தவர்கள் சலுகை முடிவதற்குள் ஓடிவந்ததும் அதில் இருக்கிறது. அது புதிய விற்பனை ஆகாது, முன்கூட்டி நடந்த விற்பனை. சலுகை முடிந்த பின் வரும் மாதங்களில் எவ்வளவு சரிந்தது என்று கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். தற்காலிகச் சலுகையை வைத்து நிரந்தர வரியை எடைபோடுபவர்கள் எந்தப் பக்கம் பேசினாலும் இந்தக் கழித்தலைச் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்படியானால் பணம் எங்கிருந்து வரும்

2022-23ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசுக்குப் பதிவுத் துறை வழியாக வந்தது 17 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். இதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போக எந்த அரசாலும் முடியாது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் வேண்டும், எந்த வரி போட்டாலும் கொஞ்சம் விரயம் இருக்கும். அதனால் எந்த வரியில் விரயம் குறைவு என்று பார்க்க வேண்டும்.

ஒரு வரிக்குப் பயந்து மக்கள் தங்கள் நடவடிக்கையை எவ்வளவு மாற்றிக்கொள்ள முடியும் என்பதைப் பொறுத்தது இது. மாற்றிக்கொள்ள வழியில்லாத இடத்தில் விரயம் மிகச் சிறியது. சிகரெட்டைப் போன்ற பொருளுக்கு மக்கள் வாங்குவதைக் குறைப்பதே நோக்கம் என்பதால், குறையும் விற்பனையை இழப்பில் சேர்க்கவே முடியாது. சொத்து விற்பனையோ, நாமே நடக்க வேண்டும் என்று விரும்பும் காரியம். தள்ளிப்போடவும் சுலபம், தவிர்க்கவும் சுலபம். ஆகவே அதன்மேல் போடும் வரியில் விரயம் அதிகம். அதே நிலத்தின் மேல், விற்றாலும் விற்காவிட்டாலும், ஆண்டுதோறும் ஒரு சிறு வரி வாங்கினால் நிலம் எங்கும் ஓடிவிடாது. வீடு மாற நினைப்பவரை அது தடுக்காது. மாறினாலும் அதே வரி, இருந்தாலும் அதே வரி.

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவை ஆளும் அரசு 2012இல் இந்த வழியில் இறங்கியது. முத்திரைக் கட்டணத்தை ஒரே நாளில் எடுக்காமல் 20 ஆண்டுகளில் படிப்படியாகக் குறைத்து, அந்த இடத்தில் ஆண்டு நிலவரியை உயர்த்துவது திட்டம். 20 ஆண்டுகள் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டுதான் முழு முத்திரைக் கட்டணத்தையும் கட்டி வீடு வாங்கியவரிடம் இந்த ஆண்டிலிருந்து உயர்ந்த நிலவரியும் கேட்டால் அவர் இரண்டு முறை கட்டுகிறார். மெதுவாக மாற்றினால் அந்த அநீதி பல ஆண்டுகளுக்குப் பரவி மெலிகிறது. மனை மட்டும் இருந்து மாத வருமானம் இல்லாத முதியவர்களுக்கு வரியைத் தள்ளிவைத்து, சொத்து கை மாறும்போது வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் தேவைப்படும்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு தடை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. கிரையப் பத்திரத்தின் 7 சதவீத முத்திரைக் கட்டணத்தில் 5 மாநில அரசினுடையது. 2 சதவீதம் சொத்து மாற்று வரி என்ற பெயரில் உள்ளாட்சிகளுக்கு உரியது. ஆண்டுதோறும் வாங்கும் சொத்து வரியோ முழுக்க உள்ளாட்சிக்குப் போகிறது. முதலாவதைக் குறைத்து இரண்டாவதை உயர்த்தினால், மக்களின் மொத்தச் சுமை மாறாவிட்டாலும் கோட்டையின் பையிலிருந்து மாநகராட்சியின் பைக்குப் பணம் நகர்கிறது. 2022இல் சொத்து வரியைக் கட்டட அளவுக்கேற்ப 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தியபோது, பத்திரக் கட்டணத்தில் அதற்கு ஈடாக எதையும் குறைக்கவில்லை. ஓராண்டில் பத்திரச் சுமையும் ஏறியது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியிருந்தால், அதே அளவு பணத்தைக் குறைந்த விரயத்தில் திரட்டியிருக்கலாம். அதற்கு மாநில நிதிப் பகிர்வில் உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கும் பங்கையும் சேர்த்துத் திருத்த வேண்டும். அது அடுத்த மாநில நிதி ஆணையத்தின் வேலை.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குச் செலவும் அதிகம் ஆகாது. பரிவர்த்தனைப் பத்திரத்துக்கு, அதுவும் ஒரே கிராமத்தில் வேளாண் நிலத்துக்கு, பெயரளவுக் கட்டணம் மட்டும் வைக்கலாம். குடும்பத்துக்குள் செய்யும் செட்டில்மென்ட்டுக்குக் குறைந்த விகிதமும் உச்சவரம்பும் ஏற்கெனவே இருக்கின்றன. அதே ஏற்பாட்டை அடுத்த வயல்காரருக்கும் நீட்டினால் போதும். இன்று அந்தப் பத்திரங்களில் பெரும்பாலானவை எழுதப்படுவதே இல்லை என்பதால், அரசு விட்டுக்கொடுக்கப் போகும் வருமானம் ஏறக்குறைய ஒன்றுமில்லை.